32 பிட் இயங்குதளமும் புதிய கணினி விளையாட்டுகளும்

32 பிட் இயங்குதளம் என்பது நுண்செயலியை 32 பிட் நிலையில் வைத்து இயக்கும் இயங்குதளம் ஆகும். விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா, 7, 8, 10 ஆகிய பதிப்புகள் 32 பிட், 64 பிட் என இரு வடிவங்களிலும் வெளிவந்தன. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11 பதிப்புக்கு 32 பிட் வடிவம் கிடையாது.

இன்றைய கணினி விளையாட்டுகளில் பெரும்பாலானவை 32 பிட் இயங்குதளத்தில் தொடங்குவதே இல்லை. 64 பிட் வடிவமாகவே இருந்தாலும் காலாவதியான பதிப்பாக இருந்தால் அதே நிலைதான். இதைக் கணினியின் வேகக் குறைவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. வன்பொருள் போதாத கணினியில் விளையாட்டு தொடங்கும். பிறகு படம் திணறும், ஒலி விட்டுவிட்டு வரும். அமைப்புகளைக் குறைத்து ஓரளவு சமாளிக்கலாம். இயங்குதளம் பொருந்தாத கணினியிலோ முதல் படம் திரையில் வருவதற்கு முன்பே ஒரு பிழைச்செய்தியுடன் எல்லாம் நின்றுவிடும். அப்போது கூடுதல் ரேம் வாங்கிப் பொருத்துவதாலோ, அமைப்புகளைக் குறைப்பதாலோ எந்தப் பயனும் இல்லை. எனவே பணம் செலவிடும் முன் தடை எங்கே இருக்கிறது என்று அறிவது அவசியம்.

## ஓர் எடுத்துக்காட்டு: கவுண்டர் ஸ்ட்ரைக்

வால்வ் நிறுவனம் 2012இல் வெளியிட்ட 'கவுண்டர் ஸ்ட்ரைக்: குளோபல் அஃபென்சிவ்' ஒரு 32 பிட் விளையாட்டு ஆகும். 2 ஜிபி நினைவகம் கொண்ட விண்டோஸ் எக்ஸ்பி கணினியிலும் இது ஓடும் என்று அப்போது அறிவிக்கப்பட்டிருந்தது. அதனால் பழைய கணினிகளிலும் பல ஆண்டுகள் விளையாடப்பட்டது.

2023 செப்டம்பரில் இந்த விளையாட்டின் இடத்தில் 'கவுண்டர் ஸ்ட்ரைக் 2' வந்தது. புதிய விளையாட்டின் நிரல் கோப்பு `game\bin\win64\cs2.exe` என்ற இடத்தில் உள்ளது. கோப்புறையின் பெயரே அது 64 பிட் என்பதைச் சொல்கிறது. விண்டோஸ் 10, 8 ஜிபி நினைவகம் ஆகியவை குறைந்தபட்சத் தேவைகள் ஆயின. 32 பிட் இயங்குதளங்களுக்கும் டைரக்ட்எக்ஸ் 9 வன்பொருளுக்குமான ஆதரவை நிறுத்துவதாக வால்வ் அறிவித்தது. முதல் நாள்வரை விளையாடிக்கொண்டிருந்த கணினி, எந்தப் பாகமும் பழுதாகாமலேயே, மறுநாள் அதே விளையாட்டின் புதிய வடிவத்தைத் திறக்க மறுத்தது. இந்த மறுப்பு எங்கிருந்து வருகிறது என்பதைப் படிப்படியாகக் காணலாம்.

## முதல் தடை: நிரல் கோப்பின் தலைப்பகுதி

விண்டோஸில் `.exe` கோப்பு ஒன்றை இருமுறை சொடுக்கினால் விளையாட்டு உடனே ஓடத் தொடங்குவதில்லை. முதலில் இயங்குதளத்தில் உள்ள ஏற்றி என்னும் பகுதி அந்தக் கோப்பின் தலைப்பகுதியைப் படிக்கிறது. அங்கே `PE` என்ற இரண்டு எழுத்துகளை அடுத்து, அந்த நிரல் எந்த வகை நுண்செயலிக்காக உருவாக்கப்பட்டது என்பதைக் குறிக்கும் ஓர் எண் இருக்கும். 32 பிட் நிரலில் அது `0x014C`. 64 பிட் நிரலில் அது `0x8664`.

32 பிட் விண்டோஸின் ஏற்றி இரண்டாவது எண்ணைக் கண்டதும் வேலையை நிறுத்திவிடும். விளையாட்டின் ஒரு கட்டளைகூட அதுவரை நிறைவேறியிருக்காது. எனவே விளையாட்டின் உள்ளே உள்ள அமைப்புகளை மாற்றும் வாய்ப்பே எழுவதில்லை. பயனர் காணும் செய்தி மட்டும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். விண்டோஸ் எக்ஸ்பியில் கோப்பின் பெயருடன் `is not a valid Win32 application` என்று வரும். விண்டோஸ் 10இல் `This app can't run on your PC` என்று வரும். சொற்கள் வேறானாலும் காரணம் ஒன்றே.

இந்த எண்ணைப் பயனரே பார்த்துக்கொள்ளலாம். நிரல் கோப்பை நோட்பேடில் திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். முதல் சில வரிகளுக்குள் `PE` என்ற எழுத்துகளைத் தேடினால், சிறிது இடைவெளிக்குப் பின் `L` என்று இருந்தால் அது 32 பிட் நிரல். `d†` என்று இருந்தால் 64 பிட் நிரல். மேலே சொன்ன எண்களே எழுத்து வடிவில் இவ்வாறு தோன்றுகின்றன. பார்த்த பிறகு கோப்பைச் சேமிக்காமல் மூடிவிட வேண்டும். சேமித்தால் கோப்பு கெட்டுவிடும்.

## எண்ணை மாற்றிவிட்டால் ஓடுமா?

தடை ஓர் எண் என்றால், அதை மாற்றி ஏற்றியை ஏமாற்றலாமே என்று தோன்றலாம். அது பலிக்காது. அந்த எண் ஓர் அறிவிப்புப் பலகை மட்டுமே. உண்மையான வேறுபாடு அதன் பின்னால் உள்ள கட்டளைகளில் இருக்கிறது.

நுண்செயலிக்கு எல்லாக் கட்டளைகளும் எண்களே. ஒரே எண் வரிசைக்கு 32 பிட் நிலையில் ஒரு பொருளும் 64 பிட் நிலையில் வேறு பொருளும் உண்டு. பின்வரும் மூன்று பைட்டுகள் ஓர் எளிய சான்று:

```
48 89 E5

64 பிட் நிலை:  mov rbp, rsp
32 பிட் நிலை:  dec eax
               mov ebp, esp
```

64 பிட் நிலையில் `48` என்பது தனிக் கட்டளை அன்று. அடுத்து வருவது 64 பிட் அகலத்தில் செய்யப்பட வேண்டும் என்று அறிவிக்கும் முன்னொட்டு. எனவே மூன்று பைட்டுகளும் சேர்ந்து ஒரே கட்டளை ஆகின்றன. 32 பிட் நிலையிலோ அதே `48` ஒரு தனிக் கட்டளை. ஒரு பதிவகத்தில் உள்ள மதிப்பிலிருந்து ஒன்றைக் கழிக்கச் சொல்கிறது. கழிக்கக் கூடாத இடத்தில் கழித்துவிட்டு, 64 பிட் மதிப்பில் பாதியை மட்டும் நகர்த்தி, நிரல் சில கணங்களில் நிலைகுலைந்துவிடும். தவறாகப் படிப்பதைவிடத் தொடக்கத்திலேயே மறுப்பது நல்லது என்பதால்தான் ஏற்றி மறுக்கிறது.

நுண்செயலியை 64 பிட் நிலைக்கு மாற்றும் உரிமையும் விளையாட்டுக்கு இல்லை. கணினி தொடங்கும்போது இயங்குதளத்தின் கருவகம் நினைவக அட்டவணைகளை 64 பிட் முறையில் அமைத்து, அந்த நிலையை இயக்க வேண்டும். 32 பிட் விண்டோஸின் கருவகம் இதைச் செய்வதில்லை. ஆகவே கணினியில் 64 பிட் நுண்செயலியே இருந்தாலும், 32 பிட் விண்டோஸ் நிறுவப்பட்டிருக்கும் வரை அதன் 64 பிட் திறன் உறங்கிக்கொண்டே இருக்கும். உலகெங்கும் பல பழைய கணினிகளின் நிலை இதுவே. ஏஎம்டி நிறுவனம் 2003இலேயே 64 பிட் நுண்செயலிகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2006இல் வந்த இன்டெல் கோர் 2 டியோவும் 64 பிட் நுண்செயலிதான். ஆனால் அவற்றில் 32 பிட் விண்டோஸை நிறுவும் வழக்கம் அதன் பிறகும் நெடுநாள் நீடித்தது.

எதிர்த்திசையில் இந்தத் தடை இல்லை. 64 பிட் விண்டோஸ், நுண்செயலியில் உள்ள பொருத்தநிலை வசதியைக் கொண்டு 32 பிட் நிரல்களையும் ஓடவிடும். அதனால்தான் 64 பிட் கணினியில் பழைய விளையாட்டுகள் பெரும்பாலும் ஓடுகின்றன. கோப்பின் பண்புகளில் காணப்படும் 'பொருந்து முறை' என்ற தெரிவும் பழைய நிரலைப் புதிய விண்டோஸில் ஓட்டுவதற்கானது. புதிய நிரலைப் பழைய விண்டோஸில் ஓட்ட அது உதவாது.

## விளையாட்டு நிறுவனங்கள் 32 பிட்டை ஏன் கைவிட்டன?

ஒரே விளையாட்டை இரு வடிவங்களிலும் வெளியிடலாமே என்ற கேள்வி எழுவது இயல்பு. இதற்கான விடை நினைவகத்தில் இருக்கிறது.

32 பிட் முகவரியால் குறிக்கக்கூடிய இடங்களின் எண்ணிக்கை 2^32, அதாவது 4,29,49,67,296 பைட்டுகள். இதுவே 4 ஜிபி எல்லை. 32 பிட் விண்டோஸில் ஒவ்வொரு நிரலுக்கும் கிடைக்கும் இந்த 4 ஜிபி முகவரிப் பரப்பில், வழக்கமாகப் பாதியை இயங்குதளம் தனக்கென ஒதுக்கிக்கொள்கிறது. விளையாட்டுக்கு மிஞ்சுவது 2 ஜிபி மட்டுமே. கணினியில் 16 ஜிபி ரேம் பொருத்தினாலும் இந்த 2 ஜிபி கூடுவதில்லை. தட்டுப்பாடு முகவரியில்தான், ரேமில் அன்று.

இது எவ்வளவு சிறிய இடம் என்பதை ஒரு கணக்கால் உணரலாம். விளையாட்டில் ஒரு சுவரின் மேற்பரப்புப் படம் 4096 × 4096 புள்ளிகள் கொண்டது என்று கொள்வோம். ஒரு புள்ளிக்கு 4 பைட்டு வீதம் அந்த ஒரு படத்துக்கே 64 எம்பி தேவை. அத்தகைய 32 படங்கள் 2 ஜிபியை நிரப்பிவிடும். நடைமுறையில் படங்களை நான்கில் ஒரு பங்காகச் சுருக்கி வைப்பார்கள். அப்போதும் 128 படங்களோடு இடம் தீர்ந்துவிடும். அதன் பிறகு பாத்திரங்களின் உருவங்கள், அசைவுகள், ஒலிகள், வரைபடம், விளையாட்டின் விதிகள் ஆகியவற்றுக்கு எதுவும் மிச்சமிருக்காது.

2013 நவம்பரில் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய விளையாட்டுப் பொறிகள் வெளிவந்தன. இரண்டிலும் 64 பிட் நுண்செயலியும் 8 ஜிபி நினைவகமும் இருந்தன. இவற்றுக்காக உருவாக்கப்படும் விளையாட்டு 2 ஜிபிக்கு மேல் பயன்படுத்தலாம் என்ற எண்ணத்திலேயே வடிவமைக்கப்பட்டது. அதைக் கணினிக்குக் கொண்டுவரும்போது 32 பிட் வடிவம் தேவையென்றால், காட்சிகளைத் துண்டாக்கி, படங்களைச் சிறிதாக்கி, மறுபடியும் சோதிக்க வேண்டும். கிட்டத்தட்ட வேறொரு விளையாட்டைச் செய்வதற்கு ஈடான வேலை அது. ஆகவே அக்காலம் முதல் பெரிய விளையாட்டுகள் 64 பிட் வடிவில் மட்டும் வரத் தொடங்கின.

64 பிட் இயங்குதளத்தில் இந்த நெருக்கடி இல்லை. இன்றைய பொதுவான 64 பிட் நுண்செயலிகள் முகவரிக்கு 48 பிட்டுகளைப் பயன்படுத்தினாலே 256 டெராபைட் பரப்பு கிடைக்கிறது. எந்த விளையாட்டும் அதன் அருகில்கூட வருவதில்லை.

## இரண்டாவது தடை: இல்லாத நூலகம், இல்லாத செயற்கூறு

64 பிட் விண்டோஸ் 7 வைத்திருப்பவர் மேலே கண்ட தடையைத் தாண்டிவிடுவார். ஆனால் அவரும் புதிய விளையாட்டுகளைத் திறக்க முடியாமல் நிற்பதுண்டு. இங்கே பிட் அகலம் காரணம் அன்று. இயங்குதளத்தின் வயது காரணம்.

எந்த விளையாட்டும் எல்லா வேலைகளையும் தானே செய்வதில்லை. கோப்பைத் திறப்பது, நேரத்தை அளப்பது, வரைகலை அட்டையோடு பேசுவது போன்றவற்றை விண்டோஸிடம் கேட்டே செய்கிறது. விண்டோஸ் இவற்றை `.dll` என்று முடியும் நூலகக் கோப்புகளில் செயற்கூறுகளாக வைத்திருக்கிறது. தனக்கு எந்த நூலகத்திலிருந்து எந்தச் செயற்கூறு வேண்டும் என்ற பட்டியல் விளையாட்டின் நிரல் கோப்பிலேயே இருக்கும். விளையாட்டைத் தொடங்கும் முன் ஏற்றி இந்தப் பட்டியலை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறது. ஒன்று குறைந்தாலும் விளையாட்டைத் தொடங்காது.

முழு நூலகமே இல்லாவிட்டால் செய்தி இவ்வாறு வரும்:

```
The program can't start because d3d12.dll is
missing from your computer.
```

`d3d12.dll` என்பது டைரக்ட்எக்ஸ் 12 வரைகலை நூலகம். இது 2015இல் விண்டோஸ் 10 உடன் வந்தது. விண்டோஸ் 7இல் இக்கோப்பு இல்லை. 2022இல் வெளிவந்த 'எல்டன் ரிங்' போன்ற விளையாட்டுகள் டைரக்ட்எக்ஸ் 12 இல்லாமல் ஓடுவதில்லை.

நூலகம் இருந்து, அதற்குள் குறிப்பிட்ட செயற்கூறு மட்டும் இல்லாவிட்டால் செய்தி வேறு விதமாக இருக்கும்:

```
The procedure entry point CreateDXGIFactory2
could not be located in the dynamic link
library dxgi.dll.
```

விண்டோஸ் 7இலும் `dxgi.dll` உண்டு. ஆனால் `CreateDXGIFactory2` என்ற செயற்கூறு விண்டோஸ் 8.1இல்தான் சேர்க்கப்பட்டது. பட்டியலில் அந்தப் பெயர் இருந்து நூலகத்தில் இல்லாததால் ஏற்றி நின்றுவிடுகிறது. இவ்வகைச் செய்தியில் செயற்கூறின் பெயரும் நூலகத்தின் பெயரும் தெளிவாக இருப்பதால், அந்தச் செயற்கூறு எந்த விண்டோஸ் பதிப்பில் அறிமுகமானது என்று மைக்ரோசாஃப்டின் ஆவணத்தில் பார்த்தால் காரணம் உறுதியாகிவிடும்.

இச்செய்திகளைக் கண்டதும் பலர் செய்யும் தவறு, பெயரைத் தேடி ஏதோவொரு தளத்திலிருந்து `d3d12.dll` கோப்பைப் பதிவிறக்கி விளையாட்டின் கோப்புறையில் போடுவது. இது இரண்டு காரணங்களால் வீண். அந்த நூலகம் தனித்து இயங்குவது அன்று. விண்டோஸ் 10இன் கருவகத்தையும், அதற்கேற்ற வரைகலை இயக்கியையும் நம்பி இயங்குவது. ஒரு கோப்பை இட்டவுடன் அது கேட்கும் அடுத்த செயற்கூறு இல்லை என்று புதிய பிழை வரும். மேலும் இத்தகைய கோப்புகளில் தீநிரல் ஒளிந்திருக்க வாய்ப்பு உண்டு. பயனர் அதைத் தன் கையாலேயே கணினிக்குள் கொண்டுவந்தவர் ஆகிறார்.

டைரக்ட்எக்ஸ் 12 விண்டோஸ் 7இல் அறவே இயலாதது என்றும் சொல்ல முடியாது. 2019இல் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' விளையாட்டுக்காக மைக்ரோசாஃப்ட் ஒரு தனி நூலகத்தை உருவாக்கித் தந்தது. அதன் மூலம் அந்த விளையாட்டு விண்டோஸ் 7இலும் டைரக்ட்எக்ஸ் 12ஐப் பயன்படுத்தியது. ஆனால் அதை விளையாட்டு நிறுவனமே தன் நிரலில் இணைக்க வேண்டும். பயனர் வெளியிலிருந்து சேர்க்க முடியாது.

## மூன்றாவது தடை: கடையும் காவலும்

சில வேளைகளில் விளையாட்டு நிரல் பழைய இயங்குதளத்தில் ஓடக்கூடியதாகவே இருக்கும். ஆனால் அதைத் திறந்துகொடுக்க வேண்டிய மென்பொருள் ஓடாது. ஸ்டீம் என்னும் விளையாட்டு அங்காடி 2019 சனவரி 1 முதல் விண்டோஸ் எக்ஸ்பி, விஸ்டா ஆகியவற்றுக்கும், 2024 சனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8, 8.1 ஆகியவற்றுக்கும் ஆதரவை நிறுத்தியது. ஸ்டீமின் பக்கங்களைக் காட்டுவது அதனுள் பதிக்கப்பட்ட குரோம் உலாவி. அந்த உலாவி பழைய விண்டோஸில் இயங்குவதில்லை என்பது 2024ஆம் ஆண்டு முடிவுக்கு அந்நிறுவனம் கூறிய முக்கியக் காரணம். எஞ்சியிருந்த 32 பிட் விண்டோஸ் 10க்கான ஆதரவு 2026 சனவரி 1 அன்று முடியும் என்றும் அது அறிவித்தது.

இணையவழிப் போட்டி விளையாட்டுகளில் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளும் உண்டு. அவற்றில் சில இயங்குதளத்தின் கருவக நிலையிலேயே ஓர் இயக்கியாக அமர்கின்றன. கருவகத்தில் அமரும் இயக்கி கருவகத்தின் அதே பிட் அகலத்தில் இருந்தே ஆக வேண்டும்; இங்கே பொருத்தநிலை வசதி எதுவும் கிடையாது. 'வாலரண்ட்' விளையாட்டின் காவல் மென்பொருள் விண்டோஸ் 11இல் பாதுகாப்பான தொடக்கம், டிபிஎம் 2.0 ஆகியவை இயங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்றும் கேட்கிறது.

## தடையைக் கண்டறியும் முறை

விண்டோஸ் 10இல் அமைப்புகளுக்குள் `System`, பிறகு `About` என்ற பக்கத்துக்குச் சென்றால் `System type` என்ற வரி இருக்கும். பழைய பதிப்புகளில் கணினிப் படவுருவை வலச்சொடுக்கிப் பண்புகளைத் திறந்தால் இதே வரி தெரியும். கட்டளைச் சாளரத்தை விரும்புவோர் பின்வருமாறு கேட்கலாம்:

```
wmic os get osarchitecture
```

`System type` வரியில் மூன்று விதமான விடைகள் வரலாம். விண்டோஸ் 10இல் `64-bit operating system, x64-based processor` என்று இருந்தால் பிட் அகலத்தில் தடையில்லை. பதிப்பின் வயதையும் வன்பொருளையும் பார்க்க வேண்டும். `32-bit operating system, x64-based processor` என்று இருந்தால் நுண்செயலி தகுதியானது, இயங்குதளம் மட்டுமே தடை. இது மாற்றக்கூடிய நிலை. `32-bit operating system, x86-based processor` என்று இருந்தால் நுண்செயலியே 32 பிட். அந்தக் கணினியில் 64 பிட் விண்டோஸ் நிறுவ முடியாது.

## ஒரு கணினியின் கணக்கு

இரண்டாவது விடையைத் தரும் கணினி ஒன்றைக் கருதுவோம். அதில் 2011இல் வந்த இன்டெல் கோர் i5-2400 நுண்செயலியும், 8 ஜிபி ரேமும், 32 பிட் விண்டோஸ் 10உம் உள்ளன. தனி வரைகலை அட்டை இல்லை. இதில் கவுண்டர் ஸ்ட்ரைக் 2 திறக்கவில்லை.

முதல் அடையாளம் நினைவக வரியில் தெரியும். 8 ஜிபி பொருத்தியிருந்தும், பயன்படுத்தக்கூடியது 4 ஜிபிக்குக் குறைவு என்று விண்டோஸ் அதே வரியில் காட்டும். மீதி ரேம் இருந்தும் இல்லாததற்குச் சமம். இதன் மேல் இன்னொரு 8 ஜிபி வாங்கினால் அதுவும் வீணாகும்.

செய்ய வேண்டியது 64 பிட் விண்டோஸை நிறுவுவது. 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு, கோப்புகளும் மென்பொருள்களும் அப்படியே இருக்க, நேரடியாக மேம்படுத்தும் வழி இல்லை. 64 பிட் நிறுவல் வட்டில் உள்ள `setup.exe` கோப்பை 32 பிட் விண்டோஸிலிருந்து திறந்தால், அதுவும் 64 பிட் நிரல் என்பதால், விளையாட்டுக்கு வந்த அதே பிழைச்செய்தியே வரும். எனவே முதலில் ஆவணங்களையும் படங்களையும் வெளி வட்டில் நகலெடுக்க வேண்டும். பிறகு 64 பிட் நிறுவல் கோப்புகளை யூஎஸ்பி நினைவிக்கோலில் ஏற்றி, கணினியை அதிலிருந்து தொடக்கிப் புதிதாக நிறுவ வேண்டும். விண்டோஸ் 10இன் உரிமம் பிட் அகலத்தைப் பார்ப்பதில்லை. ஹோம், புரோ என்ற வகை மாறாதிருந்தால் பழைய உரிமமே செல்லும்.

நிறுவியபின் 8 ஜிபி முழுவதும் பயனுக்கு வரும், நிரல் கோப்பையும் ஏற்றி ஏற்றுக்கொள்ளும். ஆனால் இந்தக் கணினியில் அடுத்து வேறொரு தடை காத்திருக்கிறது. i5-2400இன் உள்ளே இருக்கும் வரைகலைப் பகுதி டைரக்ட்எக்ஸ் 10.1 வரை மட்டுமே அறியும். கவுண்டர் ஸ்ட்ரைக் 2 கேட்பது டைரக்ட்எக்ஸ் 11. `dxdiag` என்று தட்டி, `Display` தாவலில் `Feature Levels` வரியைப் பார்த்தால் `11_0` அங்கே இருக்காது. 1 ஜிபி நினைவகம் கொண்ட, டைரக்ட்எக்ஸ் 11 அறிந்த ஒரு வரைகலை அட்டையைச் சேர்த்தால் குறைந்தபட்சத் தேவை நிறைவேறும். இயங்குதளத்தை மாற்றாமல் அதே அட்டையை மட்டும் வாங்கியிருந்தால் அந்தப் பணத்துக்கு இந்த விளையாட்டு கிடைத்திருக்காது.

## மாற்றத்தின் வரம்புகள்

64 பிட்டுக்கு மாறும்போது சிலவற்றை இழக்கவும் நேரிடும். அச்சுப்பொறி, வருடி போன்ற பழைய கருவிகளுக்கு 64 பிட் இயக்கி வெளியிடப்பட்டிருக்காவிட்டால் அவை வேலை செய்யா. 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல்களை ஓட்டுவதில்லை. ஆகவே 1990களின் விண்டோஸ், டாஸ் மென்பொருள்களை நம்பியிருப்போர் அவற்றுக்கு வேறு வழி தேட வேண்டும். சில மலிவான கையடக்கக் கணினிகளில் நுண்செயலி 64 பிட்டாக இருந்தும், கணினியைத் தொடக்கும் நிலைபொருள் 32 பிட்டாக இருக்கும். அவற்றில் 64 பிட் விண்டோஸ் நிறுவல் கோலிலிருந்து தொடங்காது.

கால வரம்பும் உண்டு. விண்டோஸ் 7க்கான பொது ஆதரவு 2020 சனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்தன. மேலே கண்ட i5-2400 கணினி விண்டோஸ் 11 கேட்கும் நுண்செயலிப் பட்டியலில் இல்லை. ஆதரவு முடிந்த நாளன்று விளையாட்டுகள் நின்றுவிடுவதில்லை. விண்டோஸ் 7க்கு ஆதரவு முடிந்த பின்னும் ஸ்டீம் அதில் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் ஓடியது. ஆனால் புதிய செயற்கூறுகளை எதிர்பார்க்கும் விளையாட்டுகள் ஒவ்வொன்றாகக் கூடக் கூட, இரண்டாவது தடை அங்கும் வந்து சேரும். கவுண்டர் ஸ்ட்ரைக் 2 போல லினக்ஸ் வடிவமும் கொண்ட விளையாட்டுகளுக்கு, அத்தகைய கணினியில் 64 பிட் லினக்ஸை நிறுவுவது மற்றொரு வழி ஆகும்.